பஞ்சமம் இறங்கியிருக்கிறது

அந்த வருஷம் நவராத்திரி புரட்டாசியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்தது. மகாளய அமாவாசை சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறன்று கொலுவின் முதல் நாள். அப்படியே எண்ணிக்கொண்டு போனால் சரஸ்வதி பூஜை திங்கள், விஜயதசமி செவ்வாய். தேதி, கிழமை விஷயத்தில் என்னை நம்பலாம். சங்கீதத்தில் நம்பக் கூடாது. எனக்குக் காது கிடையாது என்று அப்பா என் சிறுவயதிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் இதே வார்த்தையை அந்த நவராத்திரியில் என் மகள் தன்னைப் பற்றிச் சொன்னபோது தாங்க முடியவில்லை. இதை எழுதி வைக்க அதுதான் காரணம்.

அப்பா சேரன்மகாதேவியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் போக மீதி நேரமெல்லாம் வயலின். கச்சேரி வித்வான் அல்ல. பஜனை, கல்யாண நலுங்கு, கோவிலில் யாராவது தேவாரம் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது, இவ்வளவுதான். ஆனால் அந்த வட்டாரத்தில் சுருதி என்றால் அவர் பேச்சுக்கு மேல்பேச்சு கிடையாது. பாடுகிறவர்கள் தொடங்குமுன் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையசைத்தால் சுருதி சேர்ந்தது என்று அர்த்தம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சில வருஷங்கள் தெருக் கோவிலில் வாசித்தார்; இங்கேயும் பாடுகிறவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார். தோள்பட்டை வலி என்றார். வயலின் பெட்டி அவர் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அதற்குப் பின் அவருக்கு ரேடியோவில் வருகிற எந்தப் பாட்டும் பிடிக்காமல் போனது. "எவனுக்கும் சுருதி சேரல" என்று அணைத்துவிடுவார். வயதானால் வருகிற எரிச்சல் என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மகள் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து வயலின் வகுப்பு. அவளிடம் இருந்தது முக்கால் அளவு வயலின். கை நீண்டுவிட்டதால் ஸ்வர இடங்கள் விரலுக்கு நெருக்கமாகிவிட்டன. முழு வயலின் வேண்டும் என்று டீச்சர் சொல்லி ஆடியிலேயே சின்னதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. முழு வயலினைப் பார்த்து வாங்கித் தருமுன் டீச்சர் தலைப்பிரசவத்துக்கு ஏரலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலில் விஜயதசமி காலையில் பெண்கள் சேர்ந்து பாடுவது வழக்கம். என் மனைவியும் அந்தக் குழுவில் உண்டு. அந்த வருஷம் அவர்களுக்கு வாசிக்க என் மகள் ஒப்புக்கொண்டிருந்தாள். ஆள் இருக்கிறாள், வயலின் இல்லை.

தாத்தாவிடம் அவளே போய்க் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. குனிந்து பெட்டியை இழுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கோ. ஆனா சுருதி நீயே சேக்கணும். சேராத வயலின் இந்த வீட்டு நடையைத் தாண்டாது, சொல்லிட்டேன்."

இது சின்ன நிபந்தனையாக எனக்குப் பட்டது. ஆறு வருஷம் படித்த பிள்ளைக்குச் சுருதி சேர்க்கத் தெரியாதா? தெரியாது என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக வயலினை நீட்டுவார்களாம். டீச்சர் ஒவ்வொன்றாக வாங்கிப் பத்து விநாடியில் சேர்த்துக் கொடுத்துவிடுவாராம். வீட்டில் கொஞ்சம் இறங்கினால் அடியில் இருக்கிற சின்னத் திருகைத் தொடுவதோடு சரி. மேலே இருக்கிற பிரடையைத் தொடவே கூடாது என்று கட்டளை. தொட்டால் தந்தி அறுந்துபோகும்.

சுருதி சேர்ப்பது என்றால் என்னவென்று நான் அந்த வாரத்தில் பக்கத்தில் இருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வயலினில் நான்கு தந்திகள். நம்மவர்கள் அவற்றை ச, ப, ச, ப என்று சேர்ப்பார்கள். தடித்த நான்காம் தந்தி கீழ் ஸட்ஜம், மூன்றாவது கீழ்ப் பஞ்சமம், இரண்டாவது நடு ஸட்ஜம், மெல்லிய முதல் தந்தி மேல் பஞ்சமம். அந்த ஸட்ஜம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாடுகிறவரின் குரலைப் பொறுத்தது. அதற்குத்தான் கட்டை என்ற கணக்கு. அப்பா ஆண்குரல்களுக்கு வாசித்தவர்; அவர் வயலின் இரண்டு கட்டையில் நின்றிருந்தது. பெண்கள் பாடுவது ஐந்து கட்டை. குழுவுக்குத் தலைமை எதிர்வீட்டு மதினி. கேட்கப் போனபோது அவர் சொன்னார்: "அஞ்சுதான். அரைக்கட்டை கூட ஏத்திராத தாயி. மத்தியானம் சண்டை போட எங்களுக்குத் தொண்டை வேணும்லா."

பழைய தந்திகள் கறுத்துத் துருவேறியிருந்தன. இரண்டிலிருந்து ஐந்துக்கு இழுத்தால் அவை தாங்காது. ஜங்ஷனில் புதுத் தந்தி வாங்கி வந்தோம். அவள் நான்கையும் அவிழ்க்கப் போனபோது மட்டும் அப்பா கட்டிலில் இருந்தபடியே, "ஒண்ணொண்ணா மாத்தணும்" என்றார். தந்திகளை நடுவில் தாங்கும் மரத்துண்டுதான் பிரிட்ஜ்; அவை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் அது நிற்கிறது. அது பசை போட்டு ஒட்டியதல்ல. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் பிரிட்ஜ் சாயும்; அதோடு வயலினுக்கு உள்ளே நிற்கும் சின்னக் குச்சியும் விழும். விழுந்தால் ஊரில் யாராலும் உடனே நிறுத்தித் தர முடியாது.

அதற்குமேல் அப்பா வாய் திறக்கவில்லை.

முதல் சண்டை பிரடைகளோடு. பிரடை என்பது தலைப்பகுதியில் உள்ள துளையில் செருகிய வெறும் மரமுளை. அது வழுக்காமல் நிற்பது உராய்வினால் மட்டுமே. அது மழை தொடங்காத காற்றுக்காலம். மரம் சுருங்கியிருந்தது. அவள் திருகித் திருகி ஏற்றுவாள். கையை எடுத்ததும் கிர்ரென்று பின்னால் சுற்றித் தந்தி தொய்ந்துவிடும். அவள் ஏரலுக்கு போன் செய்தாள். டீச்சர் மடியில் பிறந்து இருபது நாள் ஆன குழந்தை. பேச நேரமில்லாமல் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார். பிரடையை வெளியே எடுத்துச் சாக்பீஸ் பொடி தடவு, திருகும்போதே உள்பக்கமாக அழுத்து, வெறுமனே திருகாதே. பின்னணியில் குழந்தை அழுதது. "இவனும் அஞ்சு கட்டைதான்" என்று அந்தச் செய்தி முடிந்தது.

சாக்பீஸ் பொடி வேலை செய்தது. பிரடை பிடித்தது. தந்தியை ஏற்ற ஏற்ற அது பிரிட்ஜின் உச்சியைத் தலைப்பக்கம் இழுத்துச் சாய்ப்பதை அவள் தானாகவே கவனித்தாள். ஒவ்வொரு தந்திக்குப் பிறகும் இரண்டு கைவிரல்களாலும் பிரிட்ஜின் இரு தோள்களையும் பிடித்து, பைய நிமிர்த்தினாள். புதுத் தந்தி இழுபடும் வஸ்து. காலையில் சேர்த்தால் சாயங்காலம் இறங்கியிருக்கும். மறுபடி ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. எங்கள் வீட்டில் அந்த வாரம் குக்கர் சத்தத்தைவிடத் தந்தி மீட்டும் சத்தம்தான் அதிகம்.

பிறகுதான் கேட்பது. போனில் தம்புரா ஆப்பை ஐந்து கட்டையில் ஓடவிட்டு, நடு ஸட்ஜத்தை முதலில் சேர்ப்பாள். வேண்டுமென்றே கீழே இறக்கிவிட்டு, வில்லை நீளமாக இழுத்துக்கொண்டே மேலே ஏற்றுவாள். மேலிருந்து இறக்கிச் சேர்த்தால் தந்தி தங்காதாம். ஸட்ஜம் பொருந்தியதும் அதற்குப் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து ஒரே வில்லில் இழுப்பாள். இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்திருந்தால் ஒரு அலை கேட்கும்: வவ்வவ்வவ் என்று. நெருங்க நெருங்க அலை மெதுவாகும். வவ்… வவ்… என்று நீண்டு, ஓரிடத்தில் நின்றுவிடும். இரண்டு ஓசைகள் ஒரே ஓசையாகிவிடும்.

"கேக்குதாப்பா?" என்றாள்.

காது இல்லாத எனக்கே அந்த அலை நின்றது கேட்டது. ஐம்பது வயதில் முதல் தடவையாகச் சுருதி என்றால் என்னவென்று எனக்குப் புரிந்த நாள் அது. நவராத்திரியின் ஐந்தாம் நாள், வியாழக்கிழமை.

மறுநாள் அவள் வயலினைத் தாத்தாவிடம் எடுத்துப் போய், தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது பாதத்தில் தாங்கி, நான்கு தந்திகளையும் இழுத்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கீழ் ஸட்ஜம் சரி. கீழ்ப் பஞ்சமம் சரி. நடு ஸட்ஜம் சரி. முதல் தந்தி வந்ததும் முகம் சுளித்தது.

"பஞ்சமம் எறங்கியிருக்கு."

அவள் திரும்பிப் போய்ச் சேர்த்து வந்தாள். இறங்கியிருக்கிறது. சின்னத் திருகை ஒரு நூல் ஏற்றினாள். இன்னும் ஏற்று என்றார். இன்னும் கொஞ்சம். "ஆங், இப்பம் சரி" என்று அவர் சொன்ன இடத்தில், அவள் அறைக்கு வந்து ஸட்ஜத்தோடு சேர்த்து இழுத்தால் அலை வவ்வவ்வவ் என்று அடித்தது. அலை நிற்கும் இடத்துக்கு இறக்கினால் தாத்தா வேண்டாம் என்கிறார். தாத்தா சொன்ன இடத்தில் வைத்தால் அலை அடிக்கிறது.

சனிக்கிழமையும் இதே கதை. ஞாயிறும். போனில் சுருதி காட்டும் முள்ளைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "போனுக்குக் காது இருக்கா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சங்கீதத்தில் முள்ளைப் பார்த்துச் சேர்ப்பது அவருக்கு, கணக்கில் விடையை மட்டும் எழுதுவது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். என்னிடம் வந்து, மூணாவது மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்: "எனக்குக் காது இல்லப்பா. ஆறு வருஷமா டீச்சர் சேத்துக் குடுத்ததுல வாசிச்சிருக்கேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்கல போல."

எனக்கு அவள் அம்மா மீதுதான் கோபம் வந்தது. அவளுக்குச் சங்கீதம் தெரியும். ஏன் ஒன்றும் சொல்லவில்லை? சமையலறையில் போய்க் கேட்டேன். சுண்டலைத் தாளித்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்: "எனக்குப் பிள்ள வச்ச இடந்தான் சரின்னு படுது. ஆனா மாமா கிட்ட யார் போய்ச் சொல்ல? நாப்பது வருஷமா ஊரே அவிய தலையசைக்கதப் பாத்துத்தான் பாடுது. ஒருவேள எனக்குத்தான் கேக்கலியோ என்னவோ." நான் மகளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவின் பேச்சு ஒரு பக்கம், தாத்தாவின் பேச்சு ஒரு பக்கம் என்றாகும். அவளுக்கு வேண்டியது மூன்றாவது ஆளின் பேச்சு அல்ல என்று தோன்றியது.

திங்கட்கிழமை சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அன்று புத்தகங்களும் வாத்தியமும் பூஜையில் ஏறிவிடும். மறுநாள் காலை பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. பரீட்சை இருந்தாலும் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது என்பதால் பிள்ளைகளுக்குப் பிடித்த பண்டிகை. அவள் தன் பாடப் புத்தகங்களை அடுக்கினாள். வயலினை அலை நிற்கும் இடத்திலும் வைக்காமல், தாத்தா சொன்ன இடத்திலும் வைக்காமல், இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தபடி சாமி முன் வைத்தாள். பெட்டிக்குச் சந்தனம் வைத்தாள். பயந்துபோன ஆள் செய்கிற சமரசம். அது எனக்குத் தெரிந்தது. பூஜையில் ஏறிய வயலினை இனி யாரும் தொட முடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. காலையில் பூஜை முடிந்து, வழக்கப்படி ஒவ்வொருவரும் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தோம். அவள் வயலினை எடுத்தாள். ராத்திரி முழுக்கக் காற்று. பூஜையறை ஜன்னல் திறந்திருந்தது. மூன்று தந்திகள் இறங்கியிருந்தன. முதல் தந்தியின் பிரடை முழுதாக வழுக்கித் தந்தி தொங்கியது. கோவிலில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மதினி பட்டுப்புடவையில் எங்கள் வாசலில் வந்து நின்று, "தாயி, ரெடியா?" என்றார். நிலைமையைப் பார்த்து அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாத்தாவும் தன் அறையிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். பிரடையை அழுத்தித் திருகி, பிரிட்ஜை நிமிர்த்தி, தம்புராவோடு நடு ஸட்ஜம், பிறகு கீழ் ஸட்ஜம், கீழ்ப் பஞ்சமம். ஒரு வாரத்தில் அவள் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது. மூன்று தந்திகளுக்கும் தாத்தா தலையசைத்தார். முதல் தந்தியை அலை நிற்கும்வரை ஏற்றினாள்.

"எறங்கியிருக்கு" என்றார் தாத்தா.

மதினி தரையைப் பார்த்தார். என் மனைவி சமையலறை நிலைப்படியில் நின்றாள். என் மகள் சின்னத் திருகில் கை வைத்தாள். ஏற்றப் போகிறாள் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. வயலினைப் பாயில் படுக்க வைத்துவிட்டு எழுந்து, தினசரி நாள்காட்டியில் இருந்து முந்தின நாள் தாளைக் கிழித்தாள். அந்தத் தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் கிழித்தாள். ஓரத்தில் நகமளவு துண்டு எடுத்து, கூரைபோல் நடுவில் மடித்தாள்.

"தாத்தா, ஸ்கூல் லேப்ல சுரமானின்னு ஒண்ணு இருக்கு. கம்பிய இழுத்துக் கட்டி, மேல இப்படித் தாளை ஏத்தி வைப்போம். கம்பியும், தட்டி வைக்கிற இசைக்கவையும் ஒரே சுருதியா இருந்தாத்தான் தாள் துள்ளி விழும். இல்லன்னா அசையாது. இதுக்குக் காது வேண்டாம், கண்ணு போதும்."

தாத்தா கணக்கு வாத்தியார். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல ஸட்ஜத்துல பாப்போம். அது சரின்னு நீங்களே சொல்லிட்டீங்க." அவள் காகிதக் கூரையைக் கீழ் ஸட்ஜத் தந்தியின் நட்டநடுவில் வைத்து, அதைத் தொடாமல் நடு ஸட்ஜத் தந்தியை வில்லால் இழுத்தாள். காகிதம் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

இரண்டு பேரும் சரி என்று ஒப்புக்கொண்ட ஸட்ஜத்திலேயே சோதனை தோற்றது. அவள் காது மடல் சிவந்தது. மதினி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத்தானே சொன்னாள்: "லேப்ல ரெண்டும் ஒரே உயரம். இங்க இது ஒரு ஸ்தாயி கீழ." நடு ஸட்ஜத்துக்கு ஈடுகொடுக்கக் கீழ்த் தந்தி முழுதாக ஆடாது, இரண்டு பாதியாகப் பிரிந்து ஆடும். பிரிகிற இடம் நடு. அந்த இடம் ஆடாமல் நிற்கும். காகிதத்தை அவள் ஆடாத இடத்தில் வைத்திருந்தாள். இந்த விளக்கத்தை எனக்கு அவள் பிற்பாடு தாளில் படம் போட்டுச் சொன்னாள். அப்போது செய்ததெல்லாம், காகிதத்தை எடுத்துப் பிரிட்ஜ் பக்கமாகக் கால்வாசி தூரத்தில் வைத்ததுதான்.

வில்லை இழுத்தாள். காகிதம் படபடத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"ஏயப்பா" என்றார் மதினி.

"இப்பம் பஞ்சமம்" என்றாள். காகிதத்தைக் கீழ்ப் பஞ்சமத் தந்தியில் அதே கால்வாசியில் வைத்தாள். "நீங்க சொன்ன இடத்துக்கே ஏத்துதேன் தாத்தா. சரின்னதும் சொல்லுங்க." சின்னத் திருகைப் பைய ஏற்றினாள். அவர் "ஆங்" என்றதும் நிறுத்தி, முதல் தந்தியை நீளமாக இழுத்தாள். காகிதம் கல்போல் இருந்தது. இழுத்துக்கொண்டே திருகை இறக்கினாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். காகிதத்தின் விளிம்பு நடுங்கியது. பிறகு ஒரே துள்ளு. வயலின்மேல் விழுந்து உருண்டு பாயில் கிடந்தது.

அவள் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அப்பா காகிதத்தைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தாள். துள்ளியது. அதே பஞ்சமத்தைத் தன் வலது காதோரம் வாசிக்கச் சொன்னார்; இடது காதை விரலால் பொத்திக்கொண்டார். பிறகு பக்கம் மாற்றி வாசிக்கச் சொன்னார். மாற்றி மாற்றிச் சில தடவை.

"ஒரே பஞ்சமந்தானட்டி வாசிக்க?"

"ஒரே பஞ்சமந்தான் தாத்தா. வெரல் வைக்கவே இல்ல."

"வலது காதுல எறங்கிக் கேக்கு. இடதுல சரியாத்தான் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, என் வெரல் இல்லலே. காது."

தோள்பட்டை வலி என்று ஒன்று இருந்ததே இல்லை என்று அவர் சொல்லித்தான் அப்போது எங்களுக்குத் தெரிந்தது. வாசிக்க வாசிக்க மேல் ஸ்வரங்கள் இறங்கி ஒலிப்பதாக அவருக்குக் கேட்டிருக்கிறது. ஏற்றி வாசித்தால் பாடுகிறவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். விரல் நிதானம் போய்விட்டது, இனி வாசித்தால் மானம் போகும் என்று தாமே முடிவு செய்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார். இத்தனை வருஷம் தன் விரல்மீது பழி போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ரேடியோவில் எவனுக்கும் சுருதி சேராததும் இதனால்தான். பிறகு காது டாக்டரிடம் போனபோது, வயதில் சிலருக்கு ஒரு காதில் குறிப்பிட்ட ஓசைகள் இடம் மாறிக் கேட்பது உண்டு என்றார். அதற்குள் எங்கள் வீட்டில் அது பழைய செய்தி.

அவர் பேத்தியைப் பார்த்து, "உனக்குக் காது இருக்கு" என்றெல்லாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் அல்ல. "நேரமாகுது, பெறப்படுங்க" என்றார். வேட்டியை மாற்றிக்கொண்டு தானும் புறப்பட்டார்.

அந்த வருஷத்தைத் திரும்பிப் பார்த்தால், நான் கடன்பட்டவர்கள் நிறைய. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சாக்பீஸைச் சொல்லித் தந்த டீச்சர். பட்டுப்புடவை கசங்க நாற்காலியில் காத்திருந்த மதினி. போதும் வா, யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அந்தச் சமரசத்திலேயே முடிந்திருக்கும். மரியாதை கெடாமல் தாத்தாவிடம் தவறைக் காட்ட ஒரு காகிதத் துண்டைக் கண்டுபிடித்த என் மகள். காட்டியதைக் கண்ணால் பார்த்ததும் அதை ஒப்புக்கொண்ட என் அப்பா. எழுபத்தெட்டு வயதில், அயலார் முன்னிலையில், தன் காது தவறு என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

கோவில் மண்டபத்தில் அவள் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா தூணருகே, இடது காது பாட்டுப் பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் புதுத் தந்தி தன் குணத்தைக் காட்டியது. விளக்குகளின் சூட்டிலும் மேல்காற்றிலும் முதல் தந்தி கொஞ்சம் இறங்கிவிட்டது போலிருக்கிறது. பாட்டு முடிந்ததும் அவள் திருகைத் தொட்டு, வில்லை இழுத்து, சேர்த்தாள். அடுத்ததைத் தொடங்கலாமா என்று கேட்க, மதினியும் மற்றவர்களும் வழக்கம்போல் தூணருகே இருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்பா தலையசைக்கவில்லை. மோவாயால் பேத்தியைக் காட்டினார்.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் இரண்டு தந்திகளையும் சேர்த்து இன்னொரு தடவை இழுத்துக் கேட்டாள். அவசரப்படவில்லை. பிறகு தலையசைத்தாள். பாடத் தொடங்கினார்கள்.